தொண்டையில் உருண்டை, ஆனால் களி இறங்குகிறது: எண்டோஸ்கோபியா, மாத்திரையா, சும்மா விடுவதா?

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு 46 வயது. கூட வந்த மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். உட்கார்ந்ததுமே ஒரு பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசையில் அடுக்கினார். கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை முடிவுகள், மூன்று மாதமாகச் சாப்பிட்டு வந்த அசிடிட்டி மாத்திரையின் காலி அட்டைகள். அம்மா எதையும் எடுத்துக் காட்டவில்லை. ஆட்காட்டி விரலைக் கழுத்துக் குழிக்குச் சற்று மேலே, நட்டநடுவில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இங்கதான் டாக்டரம்மா. ஒரு எலுமிச்சங்கா மாட்டிக்கிட்ட மாதிரியே இருக்குது. முழுங்குனா உள்ள போவல, காறுனா வெளிய வரல. அஞ்சு மாசமா இதே நெனப்பா இருக்கறேன்."

மகனிடம் ஒரே கேள்விதான் இருந்தது. அடுத்த வாரம் லீவு போட்டு அம்மாவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய் எண்டோஸ்கோபி, சி.டி. ஸ்கேன் எல்லாம் எடுத்துவிடலாமா, இல்லை இந்த மாத்திரையையே இன்னும் கொஞ்ச நாள் தொடரலாமா? உறவுக்காரர்கள் மூன்றாவதாக ஒன்றையும் சொல்லியிருந்தார்கள்: "அதெல்லாம் மனப்பிராந்தி, சும்மா விடு." கிருஷ்ணகிரியில் காது மூக்கு தொண்டை டாக்டராக இருக்கும் என்னிடம் இந்த மூன்றையும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். இந்த அம்மாவை வைத்தே மூன்றையும் ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

காகிதங்களைப் பார்ப்பதற்கு முன் நான் கேட்டது களியைப் பற்றி.

"களி சாப்பிடறீங்களா?"

"தெனமும் மத்தியானம் களிதாங்க."

"எப்படி இறங்குது?"

"அது நல்லாத்தான் எறங்குது. கீரக் கடைசல்ல தொட்டு உருட்டிப் போட்டா வழுக்கிக்கிட்டுப் போவுது. சாப்பிடற நேரத்துல இந்த உருண்ட இருக்கற நெனப்பே வர்றதில்ல. கைய கழுவிட்டு வந்து உக்காந்தா மறுபடியும் வந்துடுது."

இந்தப் பதிலில் பாதி விஷயம் முடிந்துவிட்டது. நம் பக்கத்தில் ராகிக் களியை மெல்லுவதில்லை, உருட்டி அப்படியே விழுங்குகிறோம். தொண்டையிலோ உணவுக்குழாயின் மேல்பகுதியிலோ நிஜமாகவே ஒரு கட்டி வழியை அடைத்துக்கொண்டிருந்தால் முதலில் மாட்டுவது அந்தக் களி உருண்டைதான், எச்சில் அல்ல. எச்சிலை வெறுமனே விழுங்கும்போது உறுத்துகிறது, களியை விழுங்கும்போது உறுத்தவில்லை என்றால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். உருண்டையாகத் தோன்றுவது பெரும்பாலும் ஒரு தசையின் இறுக்கம். மருத்துவத்தில் இதைக் குளோபஸ் என்கிறார்கள். லத்தீனில் உருண்டை என்று அர்த்தம். நலமாக இருப்பவர்களிடம் கேட்டாலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வாழ்க்கையில் எப்போதாவது இப்படி உணர்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

அந்தத் தசை எது என்று சொல்கிறேன். தொண்டை முடிந்து உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில், குரல்வளைக்குப் பின்னால், வளையம்போல ஒரு தசை இருக்கிறது. சாதாரண நேரத்தில் அது சுருக்குப்பை வாய்போல மூடியே இருக்கும். நாம் எதையாவது விழுங்கும்போது ஒரு நொடி திறந்து, மறுபடி மூடிக்கொள்ளும். அது திறப்பதில் நாக்கு தள்ளுவதற்கும் குரல்வளை மேலே எழும்புவதற்கும் பங்கு இருக்கிறது, வந்து சேரும் உணவின் பருமனுக்கும் பங்கு இருக்கிறது. களியோ ஒரு மடக்குத் தண்ணீரோ வந்தால் நன்றாக விரிந்து கொடுக்கும். ஒன்றுமே இல்லாமல் வெறும் தொண்டையை விழுங்கினால் அது அரைகுறையாகத்தான் திறக்கும்.

மகனையே ஒன்று செய்யச் சொன்னேன். தண்ணீர் குடிக்காமல், வாயில் எதுவும் இல்லாமல், அடுத்தடுத்து ஐந்து முறை விழுங்கிப் பாருங்கள் என்றேன். இரண்டு முறை சுலபமாகப் போனது. மூன்றாவதில் முகம் சுருங்கியது. நான்காவதுக்குக் கழுத்தை முன்னால் நீட்டினார். ஐந்தாவது வரவே இல்லை. "ஏதோ அடைக்குது மேடம்" என்றார். எந்த நோயும் இல்லாத 23 வயதுப் பையனுக்கு அரை நிமிடத்தில் அதே உருண்டை வந்துவிட்டது. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு எத்தனை முறை வெறும் தொண்டையை விழுங்கிப் பார்க்கிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "எண்ணவே முடியாதுங்க. போயிடுச்சா இருக்குதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

இதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். உறுத்துகிறதே என்று விழுங்குகிறார்கள், விழுங்க விழுங்கத் தசை இறுகுகிறது, இறுகினால் இன்னும் உறுத்துகிறது. அடிக்கடி தொண்டையைக் கனைப்பதும் காறுவதும் அந்த இடத்தைப் புண்போல ஆக்கி அதையே வளர்க்கின்றன.

இது முதலில் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். கணவரின் அண்ணன் தொண்டைப் புற்றுநோயில் ஏழு மாதத்துக்கு முன்னால் இறந்துபோயிருந்தார். கடைசி மாதங்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டியது இந்த அம்மாதான். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நாம் சொல்கிறோமே, அது உடலில் நடக்கும் விஷயம்தான். அழுகையை அடக்கும்போதும் பயத்திலும் தொண்டைத் தசைகள் இறுகுகின்றன. ஆனால் இதைக் கேட்டதும் "மனப்பிராந்தி" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மருத்துவர்களே நெடுங்காலம் இதை ஹிஸ்டீரியா என்ற பெயரில்தான் அழைத்தார்கள். இப்படி வருகிறவர்களில் மிகப் பலருக்கு ஹிஸ்டீரியா எதுவும் இல்லை என்று 1968-இல் மால்கம்சன் என்ற மருத்துவர் எழுதிய பிறகுதான் அந்தப் பெயர் மெல்ல விலகியது. உருண்டை இல்லை, ஆனால் இறுக்கம் இருக்கிறது. அந்த அம்மா உணர்வது பொய்யல்ல.

இனி அந்த மூன்று வழிகளுக்கு வருகிறேன். முதலில் "சும்மா விடு".

இது எப்போது தவறாகும் என்பதற்கு இன்னொருவரைச் சொல்ல வேண்டும். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், 58 வயது, வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உள்ளவர். அவரும் "தொண்டையில ஏதோ இருக்குதும்மா" என்றுதான் ஆரம்பித்தார். நாலு மாதம் அசிடிட்டி மாத்திரை சாப்பிட்டிருந்தார். களியைப் பற்றிக் கேட்டேன். "களி இப்ப சாப்பிடறதில்ல. கரைச்சுக் கூழாக் குடிச்சுக்கறேன்" என்றார். ஏன் என்றால், "அதுதான் சௌகரியமா இருக்குது." அவர் அதை ஒரு நோயாகவே சொல்லவில்லை. களியிலிருந்து கூழுக்கு, கூழிலிருந்து மோருக்கு என்று தன்னையறியாமல் இறங்கிக்கொண்டிருந்தார். வேட்டியும் இடுப்பில் தளர்ந்திருந்தது. அவருக்கு அந்த வாரமே எண்டோஸ்கோபி பார்த்ததில் உணவுக்குழாயின் மேல்பகுதியில் கட்டி இருந்தது.

இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். வித்தியாசம் சாப்பாட்டில் இருந்தது. ஒருவருக்குச் சாப்பிடும்போது மறைகிறது, இன்னொருவருக்குச் சாப்பிடும்போதுதான் தெரிகிறது. கெட்டியான உணவு நிற்பது, ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் தேவைப்படுவது, விழுங்கினால் வலிப்பது, எடை குறைவது, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்முவது, கழுத்தில் கைக்குத் தட்டுப்படும் கட்டி, ஒரு பக்கம் மட்டும் உறுத்துவது, அந்தப் பக்கக் காதுக்கு வலி பாய்வது, எச்சிலில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது குளோபஸ் கணக்கில் வராது. "சும்மா விடு" என்பதற்கும் அங்கே இடமில்லை. புகையிலை, பீடி, சாராயம் உள்ளவர்களுக்கு இந்த அடையாளங்கள் இல்லாவிட்டாலும் ஒருமுறை உள்ளே பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் வழக்கம்.

அந்த அம்மாவுக்கு இவற்றில் எதுவும் இல்லை. எடை போன வருடத்தைவிட ஒரு கிலோ கூடியிருந்தது. ஆனாலும் உள்ளே பார்க்காமல் அனுப்ப எனக்கு மனமில்லை. காரணம் அவருடைய கண் இமைக்குள் தெரிந்த வெளுப்பு. ஹீமோகுளோபின் 9.6. நெடுநாள் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும் பெண்களுக்கு, அரிதாக, அந்த வளையத் தசைக்கு அருகில் மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே வளரும். அது அப்படியே இருந்தால் பின்னால் அந்த இடத்தில் புற்றுநோய்க்கும் வழி உண்டு. சவ்வு இருப்பவர்களுக்குக் கெட்டி உணவுதான் முதலில் சிக்கும். இவருக்குச் சிக்கவில்லை. இருந்தாலும் ரத்தசோகைக்கு மருந்து கொடுத்தே ஆக வேண்டும், தொண்டையையும் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

எதை வைத்துப் பார்ப்பது என்பதில்தான் மகனுக்கும் எனக்கும் பேச்சு நீண்டது. மூக்கு வழியாகப் பார்ப்பதும் வயிற்று எண்டோஸ்கோபியும் ஒன்று என்று அவர் நினைத்திருந்தார். மூக்கு வழியாகப் போவது பென்சிலைவிட மெல்லிய, வளையும் குழாய். பட்டினி கிடக்க வேண்டாம், உட்கார்ந்தபடியே இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டால் பெங்களூர் போகாமலே இது முடிந்துவிடும். நாக்கின் அடிப்பகுதி, குரல் நாண்கள், குரல்வளைக்கு இருபுறமும் உள்ள பள்ளங்கள் எல்லாம் திரையில் தெரியும். வயிற்று எண்டோஸ்கோபிக்கு ஆறு மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். குழாயும் தடிமன். அது உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் ஆகியவற்றைக் காட்டும். ஆனால் இந்த உருண்டை தோன்றும் தொண்டைப் பகுதியை அது அவசரமாகக் கடந்துபோய்விடும். ஆகையால் சாப்பாடு நன்றாக இறங்குகிறவருக்கு மூக்கு வழி, இறங்காதவருக்கு வயிற்று வழியும் சேர்த்து என்பதே என் முடிவு.

மூக்கு வழிக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. குரல்வளைக்கு நேர் பின்னால் உள்ள பகுதி அதில் முழுதாகத் தெரியாது. கன்னத்தை உப்பச் சொன்னால் கொஞ்சம் விரியும். அந்தப் பள்ளங்களில் எச்சில் குளம்போலத் தேங்கி நின்றால் கீழே ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். குரல்வளையை விரல்களால் பிடித்து மெதுவாக இடம் வலமாக அசைத்தால், பின்னாலுள்ள முதுகெலும்பில் உரசி லேசாகக் 'கரக் கரக்' என்று உணர முடியும். பின்னால் கட்டி இருந்தால் அந்த உரசல் காணாமல் போகும். இது டாக்டரின் கைக்குத்தான் பிடிபடும், வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்தேன். அந்த மருந்து தொண்டைக்குள் கசப்பாக இறங்கும், அரைமணி நேரம் தொண்டையே தடித்ததுபோல உருண்டை அதிகமாகத் தெரியும். இதை முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் "குழாய் விட்டுக் கெடுத்துட்டாங்க" என்று பயந்துவிடுவார்கள். அந்த மரப்பு போகும்வரை சூடான காபி, டீ, களி எதுவும் கூடாது. குழாய் உள்ளே இருக்கும்போதே திரையை அவர் பக்கம் திருப்பினேன். "ஈ" என்று சொல்லச் சொன்னேன். இரண்டு வெள்ளை நாண்களும் சேர்ந்து விலகின. பள்ளங்கள் இரண்டும் காலி, எச்சில் தேங்கவில்லை. "இந்த இடத்துலயா எலுமிச்சங்கா இருக்குது, காட்டுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லியே" என்றார். தானே பார்த்தவர் நம்புகிறார். நான் சொல்லி நம்ப வைப்பதைவிட இது மேல்.

கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட்டில் தைராய்டில் 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு முடிச்சு என்று எழுதியிருந்தது. மகனுக்குப் பயமே அதுதான். உண்மையில் நடுத்தர வயதுப் பெண்களுக்குக் கழுத்தை ஸ்கேன் செய்தால் இப்படிப்பட்ட முடிச்சுகள் ஏராளமானவர்களிடம் தெரியும். 4 மில்லிமீட்டர் என்றால் ஒரு துவரம்பருப்பு அளவு. அது தொண்டையை அழுத்தி எலுமிச்சங்காய் போல உணர வைக்காது, பெரிய வீக்கமாக இருந்தால்தான் அந்தப் பேச்சு. கையில் கட்டி எதுவும் தட்டுப்படாதவர்களுக்குக் கழுத்து ஸ்கேனோ சி.டி.யோ முதல் வேலையாக எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். தேடி வந்ததற்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று கிடைத்து, அதற்கு ஊசி பரிசோதனை, அதற்கு ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் என்று போய்க்கொண்டே இருக்கும். கவலை கூடினால் விழுங்கிப் பார்ப்பதும் கூடும்.

மாத்திரைக்கு வருகிறேன். மெடிக்கலில் கேட்டால் பான்டாப்ரசோல் அட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். வயிற்று அமிலம் மேலே ஏறுவது இந்த உணர்வுக்கு ஒரு காரணமாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை. நெஞ்செரிச்சலும் புளித்த எதுக்களிப்பும் இருப்பவருக்கு, காலை ஆகாரத்துக்கு அரைமணி நேரம் முன்னால், நான்கு முதல் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது நியாயம். ஆனால் எரிச்சலே இல்லாமல் உருண்டை மட்டும் இருப்பவருக்கு இது எவ்வளவு உதவும்? பிரிட்டனில் 8 மருத்துவமனைகளில், தொடர்ந்து தொண்டைத் தொந்தரவு இருந்த 346 பேரிடம் ஒரு ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் மாத்திரை, பாதிப் பேருக்கு அதேபோலத் தோன்றும் வெறும் மாத்திரை, 16 வாரம். முடிவு 2021-இல் வெளியானது. இரண்டு பக்கமும் குறைந்தது, ஒரே அளவில் குறைந்தது. மாத்திரையால் தனியாக ஒரு லாபமும் இல்லை.

அந்த அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் கிடையாது. மாத்திரையையும் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தார், அப்படிப் போட்டால் அது சரியாக வேலை செய்யாது. மூன்று மாதத்தில் குறையவும் இல்லை. நிறுத்தச் சொன்னேன், ஆனால் திடீரென்று நிறுத்தவில்லை. பல வாரம் சாப்பிட்டு நிறுத்தினால் கொஞ்ச நாள் அமிலம் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். புதிதாக எரிச்சல் வரும், "பாத்தியா, மாத்திரை இல்லாம இருக்க முடியல" என்று மறுபடி தொடங்கிவிடுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இரண்டு வாரம் போட்டு விடச் சொன்னேன்.

ஆக, மகன் கொண்டுவந்த மூன்று வழிகளில் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை பார்த்தாயிற்று, அதோடு தேடுவதை நிறுத்தி, தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். வெறும் தொண்டையை விழுங்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு சின்ன மடக்குத் தண்ணீர். கையெட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு சொம்பு. கனைக்கத் தோன்றினாலும் அதே தண்ணீர்தான். காலையும் இரவும் ஐந்து நிமிடம் வாயை நன்றாகத் திறந்து கொட்டாவி விட்டு, "ஹா" என்று சத்தத்தோடு மூச்சை விடுவது. கொட்டாவியில் தொண்டையின் பின்பக்கம் தளர்ந்து விரிகிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு "ஊ" என்று குரல் கொடுத்தபடி குமிழி ஊதுவதும் அதே வேலையைச் செய்யும். இதைச் செய்து காட்டியபோதுதான் அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார். பேச்சுப் பயிற்சியாளர் கிடைக்கும் ஊரில் இதை அவரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளலாம், தொடர்ந்து இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை. டீ குடித்த கையோடு போட வேண்டாம், சத்து உடம்பில் சேராது.

மகன் கேட்டார்: "அப்போ எண்டோஸ்கோபி வேண்டவே வேண்டாமா மேடம்?" இன்றைக்கு வேண்டாம் என்றேன். எப்போது வேண்டும் என்பதை ஓ.பி. சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: களி நின்றால், களியை விட்டுக் கூழுக்கு மாறினால், எடை குறைந்தால், குரல் மூன்று வாரம் கம்மினால், வலி ஒரே பக்கம் வந்தால், அன்றைக்கே வாருங்கள். எதுவும் இல்லாவிட்டால் ஆறு வாரம் கழித்து. நாள் முழுக்க விழுங்கிப் பார்ப்பதைவிட, ஒருநாளைக்கு ஒருமுறை மத்தியானக் களியைக் கவனித்தால் போதும்.

ஆறு வாரம் கழித்து வந்தார், மாங்காய் சீசன் தொடங்கியிருந்த நேரம். முழுக்கப் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. "பகல்ல தோப்புல வேலையில இருந்தா தெரியல. ராத்திரி படுத்தா கொஞ்சம் வருது. வந்தா தண்ணி குடிச்சுக்கறேன்." இப்படித்தான் போகும். பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறைகிறது, சிலருக்கு வருடக்கணக்கில் வந்து வந்து போகிறது. இப்படிப்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளிலும் இந்த உருண்டை புற்றுநோயாக மாறியதாக இல்லை. ஹீமோகுளோபின் 10.8 ஆகியிருந்தது, இரும்பு மாத்திரையை இன்னும் மூன்று மாதம் தொடரச் சொன்னேன். எடை அப்படியே. களி?

"ரெண்டு உருண்ட சாப்பிடறேங்க" என்றார்.